ஒரே திட்டம், இரண்டு விடை: கடனைத் தனியாக எடுத்து வைத்து மதிப்பிடுவது

கேள்வி: "ஐந்து வருடத் திட்டம். முதலீடு 1000, அதில் 600 கடன். வட்டி 8%, வருடத்துக்கு 120 வீதம் அசலைக் கட்டி முடித்துவிடுவோம். வரி 25%. டபிள்யூஏசிசி 10.8% வைத்துப் போட்டால் நிகர மதிப்பு +9.3 வருகிறது. ஏபிவி முறையில் போட்டால் −1.7. ஷீட்டைப் பத்து முறை பார்த்துவிட்டேன், தப்பு எங்கே என்று தெரியவில்லை. எதை நம்புவது?"

தப்பு இல்லை. அதனால்தான் பத்து முறை தேடியும் கிடைக்கவில்லை. நீங்கள் கொடுத்த எண்களை வைத்து நானும் முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன், இரண்டு விடையும் அப்படியே வருகின்றன. விஷயம் என்னவென்றால், இரண்டு கணக்கும் ஒரே திட்டத்தைப் பற்றித்தான் பேசுகின்றன, ஆனால் ஒரே கடனைப் பற்றிப் பேசவில்லை. ஏபிவி என்பது திட்டத்தைத் தனியாகவும் கடனால் வரும் பலனைத் தனியாகவும் மதிப்பிட்டுக் கூட்டும் முறை, அதில் இருப்பது நீங்கள் உண்மையில் வாங்கப் போகும் கடன். டபிள்யூஏசிசி என்பது கடன், பங்குப் பணம் இரண்டின் செலவையும் எடை போட்டு எடுக்கும் ஒரே சராசரி விகிதம், அதில் இருப்பது வேறொரு கடன், நீங்கள் எங்கேயும் எழுதி வைக்காத ஒன்று, அந்த 10.8-க்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அதை வெளியே எடுத்துக் காட்டுகிறேன், ஆனால் அதற்கு முன் ஏபிவியை வரி வரியாகப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அது சரியாக இருக்கிறதா என்பது முதலில் தெரிய வேண்டும்.

முதல் வரி, கடனே இல்லாத திட்டம். முழுப் பணத்தையும் கையிலிருந்து போடுவதாக வைத்துக்கொண்டு திட்டத்தை மட்டும் மதிப்பிடுவது. உங்கள் செயல்பாட்டு லாபம், அதாவது தேய்மானம், வட்டி, வரி எல்லாவற்றுக்கும் முன், ஐந்து வருடத்துக்கு 220, 300, 340, 340, 300. தேய்மானம் வருடம் 200. கழித்தால் 20, 100, 140, 140, 100. அதற்கு 25% வரி போட்டு, தேய்மானத்தைத் திரும்பக் கூட்டினால் கையில் வருவது 215, 275, 305, 305, 275. கடன் இல்லாத நிலையில் இந்த மாதிரித் தொழிலுக்கு முதலீட்டாளர் எதிர்பார்க்கும் 12%-ல் இதை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 978.2. போட்ட 1000-ஐக் கழித்தால் மைனஸ் 21.8. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதற்குத்தான் திரும்பி வருவோம்.

இங்கே ஒரு இடத்தில் பலர் சறுக்குவார்கள், நானும் சறுக்கியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், லாப நட்டக் கணக்கில் என்ன வரி காட்டியிருந்ததோ அதையே எடுத்து இந்த முதல் வரியில் போட்டுவிட்டேன். எனக்கு மேலே இருந்தவர் ஒன்றுமே சொல்லவில்லை, என் ஷீட்டில் கடன் தொகை இருந்த கட்டத்தில் பூஜ்யத்தை அடித்தார், கடன் இல்லாத திட்டத்தின் மதிப்பு என்று நான் பெயர் வைத்திருந்த எண் குறைந்தது. "கடனே இல்லாத திட்டம்னா, கடனை எடுத்தா ஏன் மாறுது?" என்று மட்டும் கேட்டார். லாப நட்டக் கணக்கில் இருக்கும் வரி, வட்டியைக் கழித்த பிறகு வரும் வரி. அதை முதல் வரியில் போட்டு, கீழே வரிச் சேமிப்பையும் தனியாகக் கூட்டினால் ஒரே லாபத்தை இரண்டு முறை எண்ணுகிறோம். உங்கள் ஷீட்டில் முதல் வருடம் கட்டும் வரி இந்தக் கடனில்லாத கணக்கில் 5 என்று இருக்கிறது, லாப நட்டக் கணக்கில் அதே வருடம் பூஜ்யம். 5 தான் சரி. கடன் கட்டத்தில் பூஜ்யத்தை அடித்துப் பாருங்கள், 978.2 ஒரு புள்ளி கூட அசையக்கூடாது. எந்த ஏபிவி ஷீட் கைக்கு வந்தாலும் நான் முதலில் செய்வது இன்றைக்கும் இதைத்தான்.

இரண்டாவது வரி, வட்டியால் மிச்சமாகும் வரி. கடன் பாக்கி 600, 480, 360, 240, 120 என்று இறங்குகிறது, அதனால் வட்டி 48, 38.4, 28.8, 19.2, 9.6. பாடப்புத்தக வழியில் ஒவ்வொன்றிலும் கால் பங்கை எடுத்தால் 12, 9.6, 7.2, 4.8, 2.4. இதை 8%-ல் இன்றைக்குக் கொண்டுவந்தால் 30.2. ஆனால் நீங்கள் 29.7 என்று போட்டிருக்கிறீர்கள், அது கவனமாகச் செய்த வேலை. முதல் வருடம் வட்டிக்கு முன் லாபமே 20 தான், வட்டி 48. கழிப்பதற்கு லாபம் இருந்தால்தானே வரி மிச்சமாகும்? அந்த வருடம் கட்ட வேண்டியிருந்த வரியே 5, அதனால் மிச்சமாவதும் 5 தான், 12 அல்ல. கழிக்க முடியாமல் போன 28 அடுத்த வருடத்துக்குப் போகிறது, அங்கே 38.4-உடன் சேர்ந்து 66.4 ஆகி, 16.6 மிச்சமாகிறது. மொத்தத்தில் தொகை குறையவில்லை, ஒரு வருடம் தள்ளிப்போனது, அதன் விலை வெறும் 0.5. உங்கள் விஷயத்தில் இது சில்லறை. ஆனால் மூன்று நான்கு வருடம் நட்டம் காட்டும் திட்டமாக இருந்தால், அல்லது உங்கள் நாட்டில் நட்டத்தை முன்னெடுத்துச் செல்ல வருட வரம்பு இருந்தால், இதே கட்டத்தில் பெரிய ஓட்டை விழும். இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள், பல நாடுகளில் கழிக்கக்கூடிய வட்டிக்கே உச்சவரம்பு இருக்கிறது, வழக்கமாகத் தேய்மானத்துக்கு முன்னான லாபத்தில் 30% என்ற மாதிரி. அப்படிப் பார்த்தால் உங்கள் மோசமான முதல் வருடத்தில்கூட 220-ல் 30%, அதாவது 66 வரை போகலாம், வட்டி 48 தான், வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. விதி உங்கள் ஊரில் எப்படி என்பதை வரி பார்ப்பவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், மேலே சொன்னது பொதுவான வடிவம்தான்.

மூன்றாவது வரி, கடன் வாங்கும் செலவு. கடனில் 2%, அதாவது 12, முதல் நாளே கையை விட்டுப் போகிறது. அதை ஐந்து வருடத்துக்குப் பிரித்து வருடம் 2.4 என்று செலவு எழுதுவதால் கொஞ்சம் வரி திரும்ப வருகிறது (முதல் வருடம் அதுவும் வராது, காரணம் மேலே சொன்னதுதான்), அதன் இன்றைய மதிப்பு 2.4. ஆக நிகரச் செலவு 9.6. மூன்று வரியையும் கூட்டினால் மைனஸ் 21.8, பிளஸ் 29.7, மைனஸ் 9.6, மொத்தம் மைனஸ் 1.7. ஏபிவி என்பது இவ்வளவுதான். 1974-ல் ஸ்டூவர்ட் மையர்ஸ் இந்த முறையை முன்வைத்தபோதும் சாரம் இதுவே: திட்டம் தனியாக என்ன பெறும், அதற்குப் பணம் திரட்டும் விதத்தால் என்ன கூடும் குறையும் என்பதைத் தனித்தனி வரியாகப் போட்டுக் கூட்டு.

இப்போது அந்த ஒளிந்திருக்கும் கடன். உங்கள் 10.8 எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போட்டுப் பார்த்தேன். பங்குப் பணத்துக்கு 18%, அதற்கு 40% எடை. கடனுக்கு 8%, வரி போக 6%, அதற்கு 60% எடை. 7.2-ம் 3.6-ம் சேர்ந்து 10.8. அந்த 18 என்பதும் 12-இலிருந்து வந்ததுதான், 12-க்கும் 8-க்கும் உள்ள இடைவெளி 4-ஐக் கடன் பங்கு விகிதமான 60/40-ஆல் பெருக்கி, 12-உடன் கூட்டியது. எல்லாம் ஒழுங்கான வேலை. ஆனால் 60% என்ற அந்த எடையை ஐந்து வருடத்துக்கும் ஒரே மாதிரி வைத்திருக்கிறீர்கள், அதன் அர்த்தம் என்ன என்று யோசித்தீர்களா? ஒவ்வொரு வருடமும் திட்டத்தின் அப்போதைய மதிப்பில் சரியாக 60% கடன் இருக்கும் என்று நீங்கள் சொல்லாமல் சொல்கிறீர்கள்.

அதைத் தோண்டி எடுப்பது சுலபம். 10.8%-ல் திட்டத்தின் இன்றைய மதிப்பு 1009.3. ஒரு வருடம் வளரவிட்டு, வந்த 215-ஐக் கழித்தால் ஒரு வருட முடிவில் மதிப்பு 903.3. இப்படியே போனால் அடுத்தடுத்து 725.9, 499.3, 248.2. ஒவ்வொன்றிலும் 60% எடுத்தால், டபிள்யூஏசிசி மனதில் வைத்திருக்கும் கடன் பாக்கி ஏறக்குறைய 606, 542, 436, 300, 149. உங்கள் உண்மையான பாக்கி 600, 480, 360, 240, 120. முதல் வருடம் ஏறக்குறைய ஒன்றுதான், அப்புறம் விலகிவிட்டது. நீங்கள் அடைக்கும் வேகத்தைவிட மெதுவாக அடையும் ஒரு கடனுக்கு 10.8 என்ற விகிதம் பாராட்டுப் பத்திரம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கற்பனைக் கடனின் வட்டியில் மிச்சமாகும் வரியை 12%-ல் இன்றைக்குக் கொண்டுவந்தால் 31.2 வருகிறது. மைனஸ் 21.8-உடன் இந்த 31.2-ஐக் கூட்டிப் பாருங்கள், 9.3, உங்கள் டபிள்யூஏசிசி விடை பிசகாமல் வந்து நிற்கும்.

ஆக உங்கள் இரண்டு விடைக்கும் நடுவே உள்ள 11, மூன்று துண்டாக உடைகிறது. பெரிய துண்டு கடன் வாங்கும் கட்டணம், 9.6, டபிள்யூஏசிசியில் அதற்கு உட்கார இடமே இல்லை, நீங்களும் வெளியே தனியாகக் கழிக்கவில்லை. முதல் வருடம் லாபம் போதாமல் வரிச் சேமிப்பு தள்ளிப்போனது 0.5, அதுவும் அங்கே இல்லை, ஏனென்றால் அந்த விகிதம் வட்டி கட்டிய அன்றே வரி மிச்சமாகிவிடும் என்று எடுத்துக்கொள்கிறது. மிச்சம் 0.9, அதுதான் கடன் அட்டவணை வேறாக இருப்பதால் வருவது. இந்த 0.9 சிறியது என்று ஏமாந்துவிடாதீர்கள். உள்ளே இரண்டு பெரிய வித்தியாசம் எதிரெதிராக இழுத்து ஒன்றையொன்று தின்றிருக்கின்றன: கற்பனைக் கடன் அதிகமாக இருப்பதால் 3.6 கூடுகிறது, அதன் வரிச் சேமிப்பை 8-க்குப் பதில் 12%-ல் இன்றைக்குக் கொண்டுவருவதால் 2.7 குறைகிறது. இந்த முறை அதிர்ஷ்டம். கடனை மூன்றே வருடத்தில் அடைக்கும் திட்டமாக இருந்திருந்தால் இந்த இழுபறி சமமாக முடிந்திருக்காது.

அப்படியென்றால் டபிள்யூஏசிசி தப்பான முறையா என்றால் இல்லை. மதிப்போடு கடனும் ஏறி இறங்கும்படி விகிதத்தைக் காப்பாற்றும் நிறுவனத்துக்கு அது நேர்த்தியான குறுக்குவழி, ஒரே விகிதத்தில் எல்லாம் முடிந்துவிடும். தவணை அட்டவணையைக் கையெழுத்திட்டு வாங்கும் கடனுக்கு, அதாவது உங்கள் மாதிரித் திட்டக் கடனுக்கு, அது பொருந்தாது. ஒவ்வொரு வருடமும் விகிதத்தை மாற்றி மாற்றி டபிள்யூஏசிசியையே பொருந்த வைக்கலாம்தான், ஆனால் அதற்கு ஒவ்வொரு வருட மதிப்பும் முதலில் தெரிய வேண்டும், அது தெரிய ஏபிவிதான் போட வேண்டும், அப்புறம் எதற்கு இந்தச் சுற்று. ஆகவே உங்கள் இரண்டில் நம்ப வேண்டியது மைனஸ் 1.7. ஆனால் எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது வேறு கேள்வி, அதை நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லியாக வேண்டும்.

முதலில், வரிச் சேமிப்பை 8%-ல் இன்றைக்குக் கொண்டுவருவதா 12%-லா என்பதில் நிபுணர்களே ஒத்துப்போவதில்லை. கடன் அட்டவணை முன்கூட்டியே நிச்சயமானால், வரிச் சேமிப்பும் கடனைப் போலவே உறுதியானது, ஆகவே 8 என்பது பழைய, பரவலான நிலைப்பாடு. கடன் மதிப்போடு சேர்ந்து ஆடினால் சேமிப்பும் தொழிலைப் போலவே ஆடும், ஆகவே 12 என்பது மறுபக்கம். மைல்ஸ், எஸ்ஸெல் இருவரும் 1980-ல் சொன்ன வழி இரண்டுக்கும் நடுவில்: இந்த வருடக் கடன் தெரியும், அதனால் ஒரு வருடத்துக்கு 8, அதற்கு அப்பால் 12. உங்கள் அட்டவணை நிச்சயமானது, அதனால் நான் 8 பக்கம்தான். ஆனால் முதல் வருடத்தைப் பாருங்கள், லாபம் இருந்தால்தான் சேமிப்பு என்று ஆகிவிட்ட பிறகு அது கடனளவு உறுதியானது என்று சொல்ல வாய் வரவில்லை. 12-ல் போட்டால் 29.7 என்பது 27.2 ஆகிறது. இந்த 2.5-க்காகச் சண்டை போட மாட்டேன், இரண்டையும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

சண்டை போட வேண்டிய இடம் அந்த 12% எங்கிருந்து வந்தது என்பதுதான். அதே மாதிரித் தொழில் செய்யும் சில நிறுவனங்களின் பீட்டாவை, அதாவது சந்தையோடு சேர்ந்து அவர்கள் பங்கு எவ்வளவு ஆடும் என்ற அளவை எடுத்து, அவர்கள் கடனின் பாதிப்பை நீக்கி, சராசரி எடுத்திருப்பீர்கள். அந்த நிறுவனங்களில் ஒன்றை மாற்றினாலே 12 என்பது 11-ஆகவோ 13-ஆகவோ போகும். 11%-ல் உங்கள் முதல் வரி பிளஸ் 4.0. 13%-ல் மைனஸ் 46.7. அதாவது ஒரு சதவீதப் புள்ளி தடுமாறினால் ஏறக்குறைய 25 ஆடுகிறது, நீங்கள் அவ்வளவு கவனமாகப் போட்ட மொத்த வரிச் சேமிப்புக்கும் ஏறக்குறைய சமம். பீட்டாவிலிருந்து கடனை நீக்கும்போது எந்தச் சூத்திரம் போட்டீர்கள் என்பதையும் பாருங்கள். நிலையான கடன் என்று வைத்தால் சூத்திரத்தில் வரி விகிதம் வரும், விகிதம் நிலையானது என்று வைத்தால் வராது. வரியோடு நீக்கி, வரி இல்லாமல் மறுபடி ஏற்றினால் அந்த 18-ம் 12-ம் ஒன்றோடொன்று பேசாது. உங்கள் 18-ல் வரி இல்லை, அதனால் 12-ஐ எடுத்த இடத்திலும் இல்லையா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, கணக்கில் இல்லாத பகுதி ஒன்று: கடன் சுமையால் வரும் தொல்லை. தவணை தவறும் நிலை வந்தால் வக்கீல் செலவு மட்டுமல்ல, சரக்குக் கொடுப்பவர் ரொக்கம் கேட்பார், நல்ல ஆள் வேலையை விட்டுப் போவார், பராமரிப்பைத் தள்ளிப் போடுவீர்கள். இதற்கு ஒழுங்கான எண் போட எனக்குத் தெரிந்து யாரிடமும் நம்பகமான வழி இல்லை. ஆனால் உங்கள் முதல் வருடம் எதையோ சொல்கிறது. கையில் வருவது 220, அன்று வரி இல்லை. கட்ட வேண்டியது வட்டி 48, அசல் 120, மொத்தம் 168. மிச்சம் 52. செயல்பாட்டு லாபம் கால் பங்கு சரிந்து 165 ஆனால் தவணைக்கே 3 குறைகிறது. இப்படி விளிம்பில் நிற்கும் வருடம் இருக்கும்போது ஏபிவியில் இந்தப் பகுதியைப் பூஜ்யம் என்று விடுவது, தொல்லை வராது என்று சொல்வதற்குச் சமம். முதல் வருடம் அசலுக்கு விடுப்புக் கேட்டுப் பார்க்கலாம். கடன் பாக்கி கொஞ்சம் கூடுதலாக நிற்கும், வரிச் சேமிப்பும் கொஞ்சம் கூடும், மூச்சு விடவும் நேரம் கிடைக்கும்.

இந்த 600-ஐத் திட்டத்தின் கணக்கில் எழுதலாமா என்பதும் யோசிக்க வேண்டியது. திட்டம் இருப்பதால்தான் கடன் கிடைக்கிறது என்றால் எழுதலாம். உங்கள் நிறுவனம் எப்படியும் வாங்கக்கூடிய கடனை இந்தத் திட்டத்தின் பெயரில் வாங்குகிறீர்கள் என்றால், அந்த 29.7 திட்டத்தின் சம்பாத்தியம் அல்ல, நிறுவனத்தின் கடன் வாங்கும் திராணியிலிருந்து எடுத்துக் கொடுத்த பரிசு. வேறொரு திட்டத்துக்குக் கொடுத்திருந்தால் அங்கேயும் அதே அளவு வந்திருக்கும். 300 மட்டுமே திட்டத்தின் சொந்த பலத்தில் கிடைக்கும் என்றால் 300-க்கான சேமிப்பை மட்டும் எழுதுங்கள்.

ஏபிவி உண்மையில் கைகொடுக்கும் இடம் சலுகைக் கடன், அதையும் ஒரு முறை போட்டுக் காட்டிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் திட்டத்தின் அளவைப் பார்த்தால் அப்படி ஒன்று கிடைக்க வழி இருக்கலாம். அதே 600, அதே தவணை, வட்டி மட்டும் 5% என்று வையுங்கள். ஐந்து வருடமும் கட்டுவது 150, 144, 138, 132, 126. இதை எந்த விகிதத்தில் இன்றைக்குக் கொண்டுவருவது? 5-ல் போட்டால் சரியாக 600 வரும், சலுகையே இல்லாத மாதிரித் தெரியும், பலர் விழும் குழி இதுதான். சந்தையில் உங்களுக்கு 8%-க்குத்தான் கடன் கிடைக்கும், அதனால் 8-ல்தான் போட வேண்டும். வருவது 554.7. 600 வாங்கி 554.7 மதிப்புள்ளதைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள், 45.3 லாபம். ஆனால் வட்டி குறைந்ததால் வரிச் சேமிப்பும் குறையும், 29.7 என்பது 18.7 ஆகிவிடும், இதை மறந்துவிட்டு இரண்டையும் முழுசாகக் கூட்டிய ஷீட்டுகளைப் பார்த்திருக்கிறேன். சரியாகக் கூட்டினால் மைனஸ் 21.8, பிளஸ் 45.3, பிளஸ் 18.7, மைனஸ் 9.6, மொத்தம் 32-க்கு மேல். இதையே டபிள்யூஏசிசியில் 8-க்குப் பதில் 5 என்று மாற்றிப் போட்டால், சலுகை இந்த ஒரு கடனுக்கு மட்டும் ஐந்து வருடம் என்பது மறைந்து, ஏதோ இந்தத் தொழிலுக்கே கடன் மலிவு என்ற மாதிரி ஒரு எண் வரும்.

சலுகை இல்லாத உங்கள் நிலைக்கு வருவோம். மைனஸ் 1.7-ஐப் பிளஸ் ஆக்க ஒரு வழி கட்டணத்தைப் பேரம் பேசுவது. 2% என்பதை 1.6% ஆக்கினாலே பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேலே வந்துவிடும். கேட்டுப் பாருங்கள், கேட்பதில் நஷ்டம் இல்லை. ஆனால் அப்படி வந்த பிளஸ்ஸை வைத்துக்கொண்டு திட்டத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டேன், 12-ல் அரைப் புள்ளி பிசகினாலே காணாமல் போகும் பிளஸ் அது. நான் போய் நிற்பது முதல் வரியில். மைனஸ் 21.8-ஐப் பூஜ்யமாக்க வருடத்துக்குச் செயல்பாட்டு லாபம் எவ்வளவு கூட வேண்டும்? வரி போக முக்கால் பங்கு, ஐந்து வருடத்துக்கு 12%-ல், கணக்குப் போட்டால் வருடம் 8 சொச்சம். 300 பக்கம் இருக்கும் லாபத்தில் 8, மூன்று சதவீதத்துக்கும் குறைவு. அந்த 8 வருமா, எங்கிருந்து வரும், 220 என்று போட்டிருக்கும் முதல் வருடம் உண்மையில் அவ்வளவு மெதுவாகத்தான் தொடங்குமா என்பதை, திட்டத்தை நடத்தப் போகிறவரிடம் உட்கார்ந்து கேளுங்கள்.